போத்தல் திரும்பி வருமா? ஒரு குடிநீர்த் தொழிற்கூடத்தின் கணக்கு

ஐந்து கேலன் தண்ணீர்ப் போத்தலை ஒரு வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போகிறவர் அங்கே இரண்டு பொருள்களை விட்டுச் செல்கிறார். ஒன்று 18.9 லிட்டர் தண்ணீர். அதற்கு அப்போதே காசு கிடைத்துவிடும். மற்றொன்று அந்தத் தண்ணீரைச் சுமந்து வந்த பாலிகார்பனேட் போத்தல். தண்ணீரைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருள் அது. அதை அவர் விற்கவில்லை, இரவல் கொடுத்திருக்கிறார். குடிநீர்த் தொழிலில் இறங்குகிறவர்களின் திட்டப் புத்தகத்தில் இயந்திரத்துக்கும் லோரிக்கும் பக்கம் பக்கமாகக் கணக்கு இருக்கும். இந்த இரவலுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு திட்டப் புத்தகம் அண்மையில் என் கைக்கு வந்தது. என்னிடம் படித்த ஒருவரும் அவருடைய அண்ணனும் பாடாங் செராய் பக்கம் ஒரு சிறு தொழிற்கூடம் தொடங்க நினைக்கிறார்கள். போடப்போகும் பணத்தில் பாதி அவர்களுடைய தாயாரின் சேமநிதிப் பணம். சுத்திகரிப்பு இயந்திரத்துக்கான விலைப்பட்டியல் வாங்கியாகிவிட்டது. சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் உணவு ஒழுங்குவிதிகளின்படி, போத்தலில் அடைத்த குடிநீரை உரிமம் இல்லாமல் தயாரித்து விற்க முடியாது. "சார், தண்ணீர்ப் பரிசோதனை பற்றி மட்டும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றுதான் கேட்டார். பரிசோதனையைப் பார்க்கப் போனால் அது போத்தலில் போய் நிற்கிறது. போத்தலைத் தொடர்ந்து போனால் அது லோரி போகும் பாதையில் போய் நிற்கிறது. மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வழியில்லை.

அவர்களுடைய திட்டம் இதுதான். ஒரு டன் சுமக்கும் லோரி ஒன்று. நிரப்பிய போத்தலின் எடை, போத்தலையும் சேர்த்து ஏறத்தாழ 19.7 கிலோ. ஆகவே ஒரு நடைக்கு 50 போத்தல்தான். அதுவே 985 கிலோ ஆகிவிடும். இன்னும் பத்து ஏற்றலாமே என்று தோன்றும். ஆனால் தண்ணீர் இலேசான சரக்கல்ல. ஏற்றிய ஒவ்வொரு போத்தலும் பிரேக் பிடிக்கும் தூரத்தை நீட்டும். நாளுக்கு இரண்டு நடை, 100 போத்தல். வாரத்துக்கு ஆறு நாள், 600 போத்தல். மாதத்துக்கு 26 நாள், 2,600 போத்தல். ஒரு போத்தல் தண்ணீரின் விலை 7 ரிங்கிட். மின்சாரம், மூடி, டீசல், ஆள்கூலி எல்லாம் போக 1 ரிங்கிட் 50 சென் மிஞ்சும் என்று எழுதியிருக்கிறார்கள். வெறும் போத்தல் ஒன்றின் விலை 25 ரிங்கிட் என்று வைத்திருக்கிறார்கள். இவை அவர்களுடைய மதிப்பீடுகள். ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் போக்கைப் பார்க்க இவை போதும்.

எத்தனை போத்தல் வேண்டும்?

நாளுக்கு 100 போத்தல் விற்பதால் 200 போத்தல் இருந்தால் போதும் என்று முதலில் தோன்றும். போத்தல் தொழிற்கூடத்தை விட்டுப் புறப்பட்டுக் காலியாகத் திரும்பிவந்து, கழுவி, நிரப்பி, மறுபடி புறப்படுவதற்கு எவ்வளவு காலம் ஆகிறது என்பதுதான் கேள்வி. கூலிம், லூனாஸ் கடைகளுக்கு வாரம் ஒருமுறை லோரி போகும். தோட்டங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனால் பெரிது. பல வீடுகளில் ஒன்று பயன்பாட்டிலும் இன்னொன்று காத்திருப்பிலும் இருக்கும். எல்லாம் சேர்த்து ஒரு சுற்றுக்குச் சராசரி மூன்று வாரம் என்று வைத்தால், வாரத்துக்கு 600 வீதம் 1,800 போத்தல் எந்நேரமும் சுற்றில் இருக்க வேண்டும். 25 ரிங்கிட் வீதம் 45,000 ரிங்கிட். சுற்று ஒரு வாரம் நீண்டால் இன்னும் 600 போத்தல் வாங்க வேண்டும். தண்ணீர் விற்பனை ஒரு சொட்டும் கூடாமலே 15,000 ரிங்கிட் செலவு கூடிவிடும்.

புத்தகத்தில் 1,800 என்ற எண் இருந்தது. ஆனால் 'ஒருமுறைச் செலவு' என்ற தலைப்பின் கீழே இருந்தது. அங்கேதான் சிக்கல்.

வெளியே போகும் ஒவ்வொரு நூறு போத்தலிலும் இரண்டு திரும்பி வருவதில்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விழுக்காடு என்பது காதுக்குச் சிறியது. மாதத்துக்கு 2,600 நடையில் அது 52 போத்தல், 1,300 ரிங்கிட். விற்ற ஒவ்வொரு போத்தல் தண்ணீரின் மேலும் 50 சென் ஏறுகிறது. ஐந்து விழுக்காடு தொலைந்தால் மாதத்துக்கு 130 போத்தல், ஒவ்வொரு விற்பனைக்கும் 1 ரிங்கிட் 25 சென். மிஞ்சும் என்று எழுதிய 1 ரிங்கிட் 50 சென்னில் 25 சென்தான் கையில் நிற்கும். அதே இயந்திரம், அதே தண்ணீர், அதே வாடிக்கையாளர்கள். மாறியது அந்த விழுக்காடு ஒன்றுதான்.

இயற்பியலில் கதிரியக்கப் பொருளின் அரைவாழ்வுக் காலம் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். போத்தலுக்கும் அதே கணக்குதான். ஒவ்வொரு சுற்றிலும் 5 விழுக்காடு குறைந்தால், 14 சுற்றில் பாதிதான் மிஞ்சும். சுற்று மூன்று வாரம் என்றால் பத்து மாதத்துக்குள் 900 போத்தல் போய்விடும். 2 விழுக்காடு என்றால் பாதியாவதற்கு 34 சுற்று, ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும். மூலதனம் கரைவது முதல் சில மாதங்களில் கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம் இதுதான். கழுவும் இடத்தில் எந்நேரமும் காலிப் போத்தல் குவிந்தே கிடக்கும். ஒரு தீபாவளி வாரத்தில் திடீரென்று நிரப்பப் போத்தல் இல்லாமல் போகும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

தொலைகிறதா, தங்குகிறதா?

திரும்பாத போத்தல் எல்லாம் தொலைந்த போத்தல் அல்ல. சில வீடுகளில் படிக்கட்டின் கீழே மூன்று மாதம் கிடந்துவிட்டு வரும். சில கோயில் திருவிழாவுக்குப் போய்த் திரும்பாது. முப்பது கொடுத்தால், பந்தல் பிரிக்கும்போது யார் எடுத்தார்கள் என்றே தெரியாமல் இருபத்திரண்டுதான் வரும். தோட்டத்து வீட்டில் அதுவே அருமையான தண்ணீர்க் குடமாகிவிடும். கழுத்தை அறுத்துவிட்டால் செடித்தொட்டி. தோட்டத்தை விட்டு சுங்கைப் பட்டாணித் தாமானுக்குக் குடிபெயரும் குடும்பம் அதையும் சாமான்களோடு ஏற்றிக்கொண்டு போகும். வேறு நிறுவனத்தின் லோரி தவறுதலாக எடுத்துப்போவதும் உண்டு.

தங்கியது வேறு, தொலைந்தது வேறு. இரண்டையும் பிரித்து அறிய ஒரு வழி இருக்கிறது. அது வணிகப் பாடத்தில் இல்லை, எஸ்பிஎம் உயிரியல் பாடத்தில் இருக்கிறது. ஒரு புல்வெளியில் எத்தனை நத்தைகள் உள்ளன என்று கண்டுபிடிக்க, சிலவற்றைப் பிடித்து, சாயப் பொட்டு வைத்து, விட்டுவிட்டு, சில நாள் கழித்து மறுபடி பிடித்துப் பார்க்கும் முறை. அதைப் போத்தலுக்கும் செய்யலாம்.

தொழில் தொடங்கி ஆறு மாதம் ஆகிவிட்டது, இடையில் புதுப் போத்தல் எதுவும் வாங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். புத்தகப்படி 1,800 போத்தல் இருக்க வேண்டும். ஒரு முழுச் சுற்று, அதாவது மூன்று வாரம், நாளுக்குப் பதினொன்று பன்னிரண்டு வீதம் 200 போத்தலின் அடியில் நீலப் பொட்டு வைக்கிறோம். அடுத்த மூன்று வாரத்தில் திரும்பி வரும் போத்தல்களில் நாளுக்குப் பதினாறு பதினேழு வீதம் 300 போத்தலை எடுத்துப் பார்க்கிறோம். அவற்றில் 40 போத்தலில் நீலப் பொட்டு இருந்தால்:

200 × 300 ÷ 40 = 1,500

ஆக, உண்மையில் சுற்றிக்கொண்டிருப்பவை 1,500. மூன்றாம் வீட்டுப் படிக்கட்டின் கீழே நிரந்தரமாகப் படுத்துவிட்டது, செடித்தொட்டி ஆனது எல்லாம் இந்த எண்ணில் சேராது. ஆறு மாதம் என்பது ஒன்பது சுற்றுக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் 1,800 என்பது 1,500 ஆகக் குறைந்திருந்தால், சுற்றுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு இழப்பு.

இதில் இரண்டு பொறிகள் உள்ளன. 200 பொட்டையும் ஒரே நாளில் வைத்துவிட்டால் அவை எல்லாம் அன்றைய பாதைக்கே போகும். அது கூலிம் பட்டணப் பாதையாக இருந்தால் ஒரே வாரத்தில் பெரும்பாலானவை திரும்பி வந்து நிற்கும். பொட்டு வைத்த போத்தல் அளவுக்கு மிஞ்சிக் கண்ணில் படுவதால், மொத்த எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அதனால்தான் நாளுக்குக் கொஞ்சமாக, எல்லாப் பாதைக்கும் பரவும்படி வைப்பது. இரண்டாவது பொறி சாயம். காரமான சோப்புக் கரைசலில் கழுவும்போது பொட்டு அழிந்துவிட்டால், இல்லாத போத்தல் எல்லாம் இருப்பதாகக் கணக்கு காட்டும். ஒரு போத்தலில் பொட்டு வைத்துப் பத்து முறை கழுவிப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 40 பொட்டு என்பது தற்செயலாக 34 ஆகவும் இருந்திருக்கலாம், 46 ஆகவும் இருந்திருக்கலாம். அப்படியானால் விடை 1,760-க்கும் 1,300-க்கும் இடையில் எங்கேயோ இருக்கிறது. சில நேரம் அதையும் தாண்டும். ஒரு தடவைக் கணக்கை வைத்து லோரி ஓட்டுநரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது. 400 போத்தலில் பொட்டு வைத்தால் விடை இன்னும் நெருங்கி வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறு நிறத்தில் திரும்பச் செய்தால் போக்கு தெரிந்துவிடும்.

ரப்பர் மரமும் கடிகாரமும்

இழப்பு எவ்வளவு என்பதைப் பொட்டு சொல்லும். எங்கே என்பதைப் பாதைத் தாள் சொல்லும். ஒவ்வொரு நடைக்கும் மூன்று எண்கள் போதும்: நிறைந்து போனவை, காலியாக வந்தவை, புதிதாக முன்பணம் கட்டியவை. 50 போனது, 46 வந்தது, முன்பணம் 1 என்றால் 3 போத்தல் அந்தப் பாதையில் நிற்கிறது. வீட்டு எண்ணோடு எழுதியிருந்தால் எந்த வீட்டில் என்பதும் தெரியும்.

சகோதரர்களின் புத்தகத்தில் பாதைகள் டீசலை மட்டும் பார்த்து வரையப்பட்டிருந்தன. காலையில் முதல் நடை தோட்டங்களுக்கு: பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஹென்ரியேட்டா, விக்டோரியா. பிற்பகல் நடை லூனாஸ், கூலிம் கடைகளுக்கு. தூரம் குறைவுதான். ஆனால் பால் வெட்டப் போகிறவர் விடியுமுன் கிளம்பி, பால் சேர்த்துக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர நண்பகல் ஆகிவிடும். செம்பனைத் தோட்ட வேலைக்குப் போகிறவரும் காலையில் வீட்டில் இருக்கமாட்டார். பிள்ளைகள் பள்ளியில். காலை ஒன்பது மணிக்கு லயத்துக்குப் போகும் லோரி யாரைப் பார்க்கும்? நிறைந்த போத்தலைத் திண்ணையில் வைத்துவிட்டு வரலாம். காலிப் போத்தல் பூட்டிய கதவுக்கு உள்ளே இருக்கும். காசும் அடுத்த முறைதான். அப்படி ஒரு வீட்டில் இரண்டு முறை நடந்தால் மூன்று போத்தல் அங்கே தங்கிவிடும். மூன்றில் ஒன்று குடமாகிவிடும்.

நேரத்தைத் திருப்பிப் போட்டால் போதும். காலையில் கடைகளும் அலுவலகங்களும், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தோட்டங்கள். டீசல் கொஞ்சம் கூடலாம். கூடுதலாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடினால் ஆகும் டீசல் செலவு, தொலையும் ஒரு போத்தலின் 25 ரிங்கிட்டைவிடக் குறைவுதான். பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். சுங்கைப் பட்டாணியையும் தாண்டிப் போக வேண்டிய பாதை அது. அந்தப் பாதையில் ஒரு நடைக்கு 50 போத்தலும் விற்றுத்தீரும் அளவுக்கு வாடிக்கையாளர் சேரும்வரை வேண்டாம் என்பது என் கருத்து. பாதி நிறைந்த லோரியோடு மாதம் ஒருமுறை போகும் இடத்தில் சுற்று நீளும். சுற்று நீண்டால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்.

முன்பணம் பற்றியும் ஒரு வார்த்தை. போத்தலுக்கு 10 ரிங்கிட் முன்பணம் என்று வைத்திருந்தார்கள். கடையில் அதைப்போல ஒரு குடம் 10 ரிங்கிட்டுக்குக் கிடைக்காது. ஆகவே போத்தலை வைத்துக்கொள்வது வீட்டுக்காரருக்கு லாபம். 25 ரிங்கிட் கேட்டால் இழப்பு குறையும். ஆனால் இரண்டு போத்தலுக்கு 50 ரிங்கிட்டை முதல் நாளே எடுத்து வைக்கத் தோட்டத்துக் குடும்பம் யோசிக்கும். முதல் போத்தலுக்கு 10, இரண்டாவதிலிருந்து 25 என்று பிரிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் தங்கிப்போவது பெரும்பாலும் இரண்டாவது போத்தல்தான். எப்படி வாங்கினாலும் அந்தப் பணம் வருமானம் அல்ல, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். புத்தகத்தில் அது முதல் மாத வருமானத்தில் சேர்ந்திருந்தது. அதை அடித்துவிட்டு வேறு பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

மூன்று இடத்தில் எடுக்கும் தண்ணீர்

இப்போது பரிசோதனைக்கு வருவோம். மூலநீர், கெடா மாநில நீர் நிறுவனமான சாடாவின் குழாய்த் தண்ணீர். அதில் குளோரின் இருக்கும். தொழிற்கூடத்தில் அது மணல் வடிகட்டி, கரி வடிகட்டி வழியாகப் போய், ஆர்.ஓ. சவ்வில் அழுத்தப்பட்டு, புறஊதா விளக்கையும் ஓசோனையும் தாண்டி நிரப்பும் குழாய்க்கு வரும். இதில் கவனிக்க வேண்டிய இடம் கரி வடிகட்டி. குளோரின் ஆர்.ஓ. சவ்வை அரித்துவிடும் என்பதால் கரி அதை உறிஞ்சி எடுத்துவிடுகிறது. அந்த நொடியிலிருந்து தண்ணீருக்குப் பாதுகாவலர் இல்லை. சாடாவின் குழாயில் வரும்போது இருந்த காப்பு போய்விட்டது. அதற்குப் பின் நுழையும் கிருமி எதுவாக இருந்தாலும் நிம்மதியாக வாழலாம்.

பலர் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பை மட்டுமே அளக்கும். வழக்கமாக 10 காட்டும் மீட்டர் ஒரு காலை 40 காட்டினால் சவ்வு கிழிந்திருக்கிறது என்று அறியலாம். அதற்கு அது நல்ல கருவி. கிருமியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. எண் குறைவாக இருப்பதால் தண்ணீர் சுத்தம் என்று வாடிக்கையாளரிடம் மீட்டரைக் காட்டுவது வெறும் வித்தை.

கிருமிப் பரிசோதனைக்கு 250 மில்லிலிட்டர் தண்ணீரை 0.45 மைக்ரோன் துளையுள்ள வடிதாளில் உறிஞ்சி, அந்தத் தாளைச் சத்துக்கூழின் மேல் வைத்து, 36 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அடைகாக்க வேண்டும். தாளில் மாட்டிய ஒவ்வொரு பாக்டீரியாவும் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக வளரும். கோலிஃபார்ம், இ.கோலி ஆகியவை தெரிய ஒரு நாள் ஆகும். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவுக்கு இரண்டு நாள். போத்தல் நீர்க்காரர்கள் மிகவும் அஞ்ச வேண்டியது இதற்குத்தான். சத்தே இல்லாத ஆர்.ஓ. நீரிலும் அது வாழும். குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான படலம் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும். அதற்கென்று உள்ள கூழில் நீலப்பச்சை நிறத்தில் தெரியும்.

தண்ணீரை ஒரே இடத்தில் எடுக்காமல் மூன்று இடத்தில் எடுக்க வேண்டும்: ஆர்.ஓ. சவ்வைத் தாண்டியதும், நிரப்பும் குழாயின் வாயில், நிரப்பி மூடி ஒரு நாள் வைத்த போத்தலில். மூன்றிலும் பூச்சியம் என்றால் நல்லது. முதல் இரண்டில் பூச்சியம், போத்தலில் மட்டும் 12 புள்ளி என்றால், இயந்திரத்தைப் பிரித்து மேய வேண்டாம். குறை போத்தல் கழுவுவதில் இருக்கிறது. முதலில் பூச்சியம், குழாய் வாயிலும் போத்தலிலும் புள்ளி என்றால் நிரப்பும் குழாயில் படலம் கட்டியிருக்கிறது. பாத்திரம் கழுவுவதுபோல் மேலோட்டமாகக் கழுவினால் அது போகாது. ஓசோன் நீரை உள்ளே தேக்கி வைக்க வேண்டும், ரப்பர் வளையங்களை மாற்ற வேண்டும். இந்த மூன்று எண்களை அருகருகே எழுதி வைப்பதுதான் பரிசோதனையின் பயன். 'தேர்ச்சி' என்று முத்திரையிட்ட ஒரு தாள் மட்டும் இருந்தால் எந்தக் குறையும் எங்கே என்று தெரியாது. உரிமத்துக்காகவும் சான்றுக்காகவும் ஸாம் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புவது தனி. இது அன்றாட வேலைக்கு.

திரும்பி வரும் போத்தலுக்கு முதல் பரிசோதனைக் கருவி மூக்கு. தோட்டத்தில் காலிப் போத்தலில் மண்ணெண்ணெயும் ஊற்றுவார்கள், களைக்கொல்லியும் கலக்குவார்கள். பாலிகார்பனேட் அந்த வாசனையைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். சோப்பு மேற்பரப்பைத்தான் கழுவும். உள்ளே புகுந்தது பிறகு மெல்ல மெல்லத் தண்ணீரில் கசியும். ஜெர்மனியில் பிளாஸ்டிக் போத்தலைத் திரும்ப நிரப்பும் பெரிய ஆலைகளில் இதற்கென்றே முகரும் கருவி வைத்திருக்கிறார்கள். இங்கே லோரியில் ஏற்றும்போதே மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். தொழிற்கூடத்துக்கு வந்தபின் முகர்ந்தால் அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரியாது. வாசனை அடித்தால் கழுவ வேண்டாம், ஒதுக்கிவிட வேண்டும். உட்சுவரில் பச்சை படிந்திருந்தால் அது வெயிலில் கிடந்த போத்தல், பாசி. நீண்ட தூரிகையால் போகவில்லை என்றால் அதுவும் கழிவுதான். கழுவக் கடுங்காரம் போடலாமே என்று நினைக்கக்கூடாது. கடுங்காரம் பாலிகார்பனேட்டையே தின்னும். நுண்ணிய வெடிப்புகள் விழுந்து போத்தல் மங்கும். அந்த வெடிப்புக்குள் கிருமி தங்கும்.

முடிவு வருமுன் தண்ணீர் போய்விடுகிறது

சூடோமோனாஸ் முடிவு வர இரண்டு நாள் ஆகும் என்றேன். நாளுக்கு 100 போத்தல் நிரப்பும் கூடத்தில் அந்த இரண்டு நாளும் 200 போத்தலை நிறுத்தி வைத்தால் 5,000 ரிங்கிட் மதிப்புள்ள போத்தல் சும்மா நிற்கும். நிறுத்தாமல் அனுப்பினால், குறை தெரியவரும் வேளையில் தண்ணீர் லயத்து வீடுகளில் பாதி குடித்து முடிந்திருக்கும். சிறு தொழிற்கூடங்கள் அனுப்பத்தான் செய்யும். அப்படியானால் எந்த நாள் நிரப்பியது எந்த வீட்டுக்குப் போனது என்பது பத்து நிமிடத்தில் தெரிய வேண்டும். மூடியில் நாள் எண்ணும், பாதைத் தாளில் அதே எண்ணும் இருந்தால் தெரியும். போத்தல் இழப்புக்காக எழுதும் அதே தாள்தான் இதற்கும் உதவுகிறது.

2016 ஏப்ரலில் ஸ்பெயினின் கட்டலோனியாவில் இது உண்மையிலேயே தேவைப்பட்டது. அலுவலகங்களில் வைத்திருந்த குளிர்நீர்ச் சாதனங்களின் 19 லிட்டர் போத்தல் தண்ணீரைக் குடித்து 4,000-க்கும் மேற்பட்டோர் வாந்தி, வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டார்கள். அண்டை நாடான அந்தோராவில் ஓர் ஊற்றிலிருந்து எடுத்து அடைத்த தண்ணீர் அது. அதில் நோரோ வைரஸ் இருந்தது. நூற்றுக்கணக்கான நிறுவனங்களில் கிடந்த ஆயிரக்கணக்கான போத்தல்களைத் திரும்பப் பெற முடிந்தது. எந்தப் போத்தல் எங்கே போனது என்ற பட்டியல் இல்லாமல் அதைச் செய்ய இயலாது.

அந்த நிகழ்ச்சியில் இன்னொன்றும் உண்டு. நோரோ வைரஸ் ஏறத்தாழ 30 நானோமீட்டர் அகலம். நாம் பரிசோதனைக்குப் பயன்படுத்தும் 0.45 மைக்ரோன் துளை 450 நானோமீட்டர். அந்த வைரஸ் தாளில் தங்காது. தங்கினாலும் சத்துக்கூழில் வளராது. ஆகவே பாக்டீரியாப் பரிசோதனையில் பூச்சியம் வருவது வைரஸ் இல்லை என்பதற்குச் சான்றாகாது. சகோதரர்கள் நிலத்தில் ஒரு கிணறும் இருக்கிறது. சாடா குழாய் நின்றுபோகும் நாள்களில் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் வீடுகளும் மலக்குழிகளும் உள்ள கிணறு. குளோரின் போட்டு வரும் ஆற்று நீருக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு எந்த டி.டி.எஸ். மீட்டரிலும் தெரியாது. குழாய் நின்ற நாளில் நிரப்புவதை நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் மறுபடி வந்ததும், முதலில் வரும் கலங்கல் தெளியும்வரை வெளியே ஓடவிட்ட பின்பே தொட்டிக்குள் விட வேண்டும். அதற்காக மூன்று நாள் விற்பனைக்குப் போதுமான நிறைந்த போத்தலைக் கையிருப்பில் வைப்பது, கிணற்றில் மோட்டார் இறக்குவதைவிடச் செலவு பிடிக்கும். மூன்று நாளுக்கு 300 போத்தல், 7,500 ரிங்கிட்.

இப்போது அவர்கள் வாங்க வேண்டிய போத்தல் 1,800 அல்ல, 2,100. அதற்கு மேல் மாதத்துக்கு 52 என்று தொலைவதற்கும் ஒதுக்க வேண்டும். ஹார்வர்ட் பாதையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டார்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகும்போது, திருவிழாவுக்கு முப்பது போத்தல் கேட்டால் என்ன செய்வது என்று தம்பி கேட்டார். போத்தலில் கொடுக்க வேண்டாம், தொழிற்கூடத்தில் ஒரு பெரிய குழாய்த் தொட்டி வைத்து அதையே பந்தலில் நிறுத்திவிட்டு மாலையில் லோரியில் ஏற்றி வாருங்கள் என்றேன். ஐந்நூறு லிட்டர்த் தொட்டி நிறைந்தால் அரை டன். ஒரு டன் லோரியில் அதன் பக்கத்தில் இன்னும் இருபத்தைந்து போத்தலுக்குக் குறையாமல் இடம் இருக்குமா என்று அண்ணன் அங்கேயே கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். தொட்டியின் சொந்த எடையையும் சேர்த்தால் அத்தனை ஏறாது.